பழைய பொருளின் விற்பனையைப் புதிய பொருள் தின்னும்போது கணக்கில் எதைக் கழிப்பது?

கேள்வி: “எங்கள் நிறுவனம் ஒரு புதிய பொருள் வரிசையைத் தொடங்கப் போகிறது. அதனால் பழைய பொருளின் விற்பனை குறையும், அந்த இழப்பை என்பிவி என்ற நிகர நிகழ்கால மதிப்புக் கணக்கில் கழிக்க வேண்டும் என்கிறது நிதிப் பிரிவு. நாம் இறங்காவிட்டால் அந்த வாடிக்கையாளர்களை எப்படியும் போட்டியாளர் கொண்டுபோய்விடுவார், ஆகவே கழிக்கக் கூடாது என்கிறது விற்பனைப் பிரிவு. யார் சொல்வது சரி? கழிப்பதென்றால் எவ்வளவு?”

கொள்கையளவில் நிதிப் பிரிவு சொல்வது சரி. விற்பனைப் பிரிவு சொல்வதும் ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் அது எந்த ஆண்டிலிருந்து, எத்தனை வாடிக்கையாளருக்குப் பொருந்தும் என்று அவர்கள் எண்ணில் சொல்லியாக வேண்டும். அந்த எண் இல்லாதவரை அது நம்பிக்கை மட்டுமே. முதலீட்டுத் திட்டங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தச் சண்டை ஏறக்குறைய எல்லாப் புதிய பொருள் திட்டங்களிலும் வருகிறது. பெரும்பாலும் குரல் உயர்ந்தவர் பக்கம் முடிவு போய்விடுகிறது. அப்படி முடிய வேண்டிய தேவையே இல்லை. இதில் ஒரு பாதி வெறும் கணக்கு. சரியாகப் போட்டால் ஒரே விடைதான் வரும். மறுபாதி மதிப்பீடு, அதில் மட்டுமே வாதத்துக்கு இடம் உண்டு.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்குகிறேன். நிகர நிகழ்கால மதிப்பு என்பது இரண்டு உலகங்களுக்கு இடையிலான வேறுபாடு. புதிய பொருளை விற்கும் உலகில் நிறுவனம் முழுவதற்கும் வரும் பணம் ஒன்று. விற்காத உலகில் நிறுவனம் முழுவதற்கும் வரும் பணம் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் திட்டத்தின் பணப்பாய்வு. புதிய பொருளின் வரவு செலவை மட்டும் தனித்தாளில் போட்டுக் காட்டுவது அந்தத் துறைத் தலைவரின் சாதனையைக் காட்டலாம். முதலாளியின் பையில் கூடுதலாக என்ன விழும் என்பதைக் காட்டாது. பழைய பொருளை விட்டுப் புதியதற்கு மாறும் வாடிக்கையாளர் புதியதில் வரவாகிறார், பழையதில் இழப்பாகிறார். இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டை முழுவதும் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. எந்த நாணயத்துக்கும் பொருந்தும். ஒரு நிறுவனம் சலவைத் தூள் விற்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு நிறுவனத்தின் கைக்கு வரும் விலை 100. மூலப்பொருள், உறை, போக்குவரத்து போன்ற மாறும் செலவுகள் 60. மீதம் 40, அதுதான் ஒரு பாக்கெட்டின் பங்களிப்பு. இப்போது அதே நிறுவனம் சலவைத் திரவம் கொண்டுவர நினைக்கிறது. ஒரு பாட்டிலின் விலை 140, மாறும் செலவு 105, பங்களிப்பு 35. புதிய இயந்திரங்களுக்கு 150 லட்சம் முதலீடு. 5 ஆண்டு ஆயுள், கடைசியில் மதிப்பு எதுவும் இல்லை. விளம்பரத்துக்கும் ஆட்களுக்கும் ஆண்டுக்கு 35 லட்சம் கூடுதல் நிலைச் செலவு. வரி 25 சதவீதம். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். ஆண்டுக்கு 3 லட்சம் பாட்டில் விற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

தனித்தாளில் இது அழகாக இருக்கும். ஆண்டுப் பங்களிப்பு 105 லட்சம். நிலைச் செலவு 35, தேய்மானம் 30 போக மீதம் 40. வரி 10 போக 30. தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினால் ஆண்டுக்கு 60 லட்சம் பணம். 12 சதவீதத்தில் 5 ஆண்டுப் பணத்தை இன்றைய மதிப்பாக்க, ஓராண்டுப் பணத்தைப் பெருக்க வேண்டிய காரணி ஏறத்தாழ 3.605. ஆகவே நிகழ்கால மதிப்பு 216 லட்சம், முதலீடு போக என்பிவி 66 லட்சம். பலர் இந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

திரவம் வாங்குபவர்களில் 100-க்கு 40 பேர் நம் தூளிலிருந்தே வருகிறார்கள் என்று வைப்போம். ஆண்டுக்கு 1.2 லட்சம் பாக்கெட் தூள் விற்பனை போகிறது. அதன் பங்களிப்பு 48 லட்சம். அந்த லாபத்துக்குக் கட்டியிருக்க வேண்டிய வரியும் மிச்சமாவதால், வரிக்குப் பின் இழப்பு 36 லட்சம். ஐந்து ஆண்டுகளுக்கு நிகழ்கால மதிப்பில் 130 லட்சம். என்பிவி 66 லட்சத்திலிருந்து மைனஸ் 63 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தூளிலிருந்து திரவத்துக்கு மாறும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நிறுவனத்தின் விற்பனைத் தொகை 40 கூடுகிறது, லாபமோ 5 குறைகிறது. மாதாந்தர அறிக்கையில் விற்பனை ஏறும், சராசரி விலை ஏறும், எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். ஆண்டு முடிவில்தான் பணம் ஏன் சேரவில்லை என்ற கேள்வி எழும். மாறும் வாடிக்கையாளரால் நன்மையா தீமையா என்பதை முடிவுசெய்வது இரு பொருள்களின் விலை அல்ல. இரு பங்களிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு. ஐபாடை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஐபோன் வந்தபின் சில ஆண்டுகளில் ஐபாட் விற்பனையை அது கரைத்தது. ஆனால் ஐபோன் ஐபாடைவிடப் பல மடங்கு விலையுள்ள, ஒவ்வொன்றிலும் அதிகப் பணம் தந்த பொருள். அங்கே மாறிய வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு வரவு. அந்தக் கதையைக் காட்டி “துணிந்து நம்மையே நாம் தின்ன வேண்டும்” என்று பேசுகிறவர்கள், தங்கள் புதிய பொருளின் பங்களிப்பு பழையதைவிட அதிகமா என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

எந்த எண்ணைக் கழிப்பது என்பதில் நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, இழந்த விற்பனைத் தொகையையே கழிப்பது. பாக்கெட்டுக்கு 100 கழித்தால் என்பிவி மைனஸ் 258 லட்சம் என்று வரும். தயாரிக்காத பாக்கெட்டுக்கு மூலப்பொருள் வாங்கவில்லை என்பதை மறந்த கணக்கு அது. இந்தத் தவறு கண்ணில் பட்டுவிடும், யாராவது திருத்திவிடுவார்கள். இரண்டாவது தவறு ஆபத்தானது. செலவுத் தாளில் தூளின் “நிகர லாபம் 15” என்று இருக்கும். தொழிற்சாலை வாடகை, தலைமை அலுவலகச் செலவு, பழைய இயந்திரத்தின் தேய்மானம் எல்லாவற்றையும் பாக்கெட்டுகளின் மேல் பங்கிட்டுக் கழித்தபின் நிற்கும் எண் அது. அந்த 15-ஐ எடுத்துக் கழித்தால் ஆண்டு இழப்பு வரிக்குப் பின் 13.5 லட்சம் மட்டுமே. என்பிவி பிளஸ் 18 லட்சம் என்று வரும், திட்டம் நிறைவேறிவிடும். தூள் விற்பனை 1.2 லட்சம் குறைந்ததால் வாடகை குறையப்போவதில்லை, கணக்காளர் சம்பளமும் குறையப்போவதில்லை. அந்தச் செலவுகளைத் தாங்க இதுவரை உதவிய 40 போய்விட்டது. ஆகவே கழிக்க வேண்டியது 40. விற்பனை குறைவதால் உண்மையிலேயே ஒரு ஷிப்டை நிறுத்த முடிந்தாலோ, ஒரு கிடங்கைக் காலி செய்ய முடிந்தாலோ, அந்தச் சேமிப்பை மட்டும் இழப்பிலிருந்து குறைத்துக்கொள்ளலாம். யார், எந்தத் தேதியில், எதை நிறுத்தப் போகிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் அந்தச் சேமிப்பும் இல்லை.

அளவு மாற்றத்தையும் பார்க்க வேண்டும். நான் மேலே ஒரு பாட்டிலுக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தேன். உண்மையில் ஒரு பாட்டில் ஒன்றரை பாக்கெட்டின் துணியை வெளுக்கும் என்றால், மாறிய வாடிக்கையாளரால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் போவது 40 அல்ல, 60. எண்ணிக்கையில் ஒப்பிடாமல் பயன்பாட்டில் ஒப்பிட வேண்டும். எளிதில் கைநழுவும் இடம் இது. கேட்டால் உற்பத்திப் பிரிவு ஒரே நிமிடத்தில் விடை சொல்லிவிடும்.

தூளின் உற்பத்தி ஏற்கெனவே முழுத் திறனை எட்டி, கேட்கும் வியாபாரிகளுக்கே சரக்குக் கொடுக்க முடியாத நிலை இருந்தால் கதை வேறு. மாறிப் போனவர்களின் பாக்கெட்டுகளை வேறு ஆள் வாங்கிக்கொள்வார். இழப்பு பூஜ்யத்தை நெருங்கும். தூளுக்காக முடங்கிக் கிடந்த சரக்கிருப்பும் வியாபாரிகளிடம் நிற்கும் பாக்கியும் விற்பனை குறையும்போது ஓரளவு திரும்பி வரும். அந்த நடைமுறை மூலதனத்தையும் வரவில் சேர்க்கலாம். வழக்கமாக இது சிறிய தொகைதான்.

இனி, வாதத்துக்கு இடமுள்ள பகுதி. 100-க்கு 40 என்ற விகிதம் எங்கிருந்து வருகிறது? நேர்மையான பதில், தொடங்குமுன் அதைத் துல்லியமாக அறிய வழியில்லை என்பதுதான். ஆனால் ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. புதிய பொருள் எல்லாப் பழைய பொருள்களிடமிருந்தும் அவரவர் சந்தைப் பங்கின் விகிதத்தில் வாடிக்கையாளரை இழுக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சலவைச் சந்தையில் நம் பங்கு எண்ணிக்கையில் 40 சதவீதம் என்றால், 100 புதிய வாடிக்கையாளரில் 40 பேர் நம்மிடமிருந்தே வருவார்கள். இதில் கசப்பான ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது: சந்தையில் எவ்வளவு பெரியவராக இருக்கிறீர்களோ அவ்வளவு அதிகமாக உங்கள் புதிய பொருள் உங்களையே தின்னும். அந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து மேலேயோ கீழேயோ நகர்த்தக் காரணங்கள் வேண்டும். அதே பெயர், அதே வாசனை, அதே அலமாரி என்றால் விகிதம் ஏறும். இதுவரை நம்மை வாங்காத வேறு வகை வாடிக்கையாளருக்கென்றே செய்த பொருள் என்றால் இறங்கும். கடைக்காரர் புதிய பாட்டிலுக்கு இடம் கொடுக்க யாருடைய பாக்கெட்டை அகற்றுவார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் நம்முடையதைத்தான் அகற்றுவார். ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு இடம் என்று அவர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும்.

விகிதம் சரியாகத் தெரியாதபோது நான் கேள்வியைத் திருப்பிப் போடுவேன். எத்தனை சதவீதம் வரை இந்தத் திட்டம் தாங்கும்? நம் எடுத்துக்காட்டில் 3 லட்சம் பாட்டிலும் முழுக்க நம் தூளிலிருந்தே வந்தால் இழப்பின் நிகழ்கால மதிப்பு 324 லட்சம். தனித்தாள் என்பிவி 66 லட்சம். 66-ஐ 324-ஆல் வகுத்தால் 20 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது 100 பாட்டிலில் 20-க்கு மேல் நம் பழைய வாடிக்கையாளருக்குப் போனால் திட்டம் நட்டம். இப்போது வாதம் எளிதாகிவிடுகிறது. “சரியாக எத்தனை சதவீதம்?” என்று யாரும் சண்டை போட வேண்டாம். 40 சதவீதச் சந்தைப் பங்கு உள்ள ஒரு நிறுவனம், தன் பெயரிலேயே விற்கும் ஒரு பொருள், 20-க்குக் கீழே நிற்குமா என்று கேட்டால் போதும். பதில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும்.

விற்பனைப் பிரிவின் வாதத்துக்கு வருவோம். அது வெறும் சாக்கு அல்ல. கணக்கின் மற்றொரு உலகத்தைப் பற்றியது. நாம் இறங்காத உலகில் தூள் விற்பனை இன்றுபோலவே நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ள எந்த உரிமையும் நமக்கு இல்லை. கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-இலேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். ஃபிலிம் கொழுத்த லாபம் தந்துகொண்டிருந்த நிறுவனம் அது. டிஜிட்டலால் ஃபிலிம் விற்பனை போகும் என்று கழித்துப் பார்த்தால் டிஜிட்டல் எப்போதும் நட்டமாகவே தெரியும். ஆனால் கோடாக் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் ஃபிலிம் போகத்தான் போகிறது என்ற உலகில், அந்தக் கழிப்பில் பெரும்பகுதி தவறு. 2012 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு மனு செய்தது. அதன் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு, இந்த ஒரு கணக்கின் மேல் பழியைப் போட மாட்டேன். ஆனால் அடிப்படை உலகம் நகர்ந்துகொண்டிருக்கும்போது அதை அசையாததாக வைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

இதை எண்ணில் போடுவோம். போட்டியாளர் ஒருவர் திரவம் கொண்டுவரப் போகிறார், நாம் இறங்காவிட்டால் நம் 1.2 லட்சம் பாக்கெட்டில் 80,000 எப்படியும் அவரிடம் போகும் என்று வைப்போம். அவர் வந்தபின் நம் திட்டத்தின் மேல் சுமத்த வேண்டிய இழப்பு மீதி 40,000 பாக்கெட் மட்டுமே, வரிக்குப் பின் ஆண்டுக்கு 12 லட்சம். அவர் 3-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்தால் இழப்பின் நிகழ்கால மதிப்பு 84 லட்சமாகக் குறையும். என்பிவி மைனஸ் 18 லட்சத்தை ஒட்டி நிற்கும். 2-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்தால் இழப்பு 65 லட்சம். என்பிவி பூஜ்யத்துக்குச் சற்று மேலே, ஒன்றரை லட்சம். போட்டியாளர் வரும் தேதி ஓராண்டு நகர்ந்ததில் விடையின் குறியே மாறிவிட்டது. விற்பனைப் பிரிவு சொல்வதுபோல் எதையுமே கழிக்காமல் 66 லட்சம் என்று காட்ட வேண்டுமானால், முதல் நாளிலிருந்தே 1.2 லட்சம் பாக்கெட்டும் முழுவதும் போட்டியாளரிடம் போயிருக்கும் என்று அவர்கள் நிறுவ வேண்டும். “எப்படியும்” என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய கோரிக்கை இருக்கிறது.

போட்டியாளரைக் கணக்கில் கொண்டுவந்தால் இரு உலகங்களிலும் கொண்டுவர வேண்டும். நான் மிக அடிக்கடி காணும் தவறு இதுதான்: நாம் இறங்காத உலகில் போட்டியாளர் புயல்போல் வருகிறார், நாம் இறங்கும் உலகில் அவரைக் காணவே இல்லை. அவர் 2-ஆம் ஆண்டில் வந்து, நம் 3 லட்சம் பாட்டிலில் 30,000-ஐயாவது எடுத்துக்கொண்டால் நமக்கு ஆண்டுக்கு வரிக்குப் பின் ஏறத்தாழ 8 லட்சம் போகும். நிகழ்கால மதிப்பில் 21 லட்சம். பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்ற என்பிவி மைனஸ் 20 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அவரோடு விலைப் போர் மூண்டால் இன்னும் கீழே போகும். ஒரே போட்டியாளரின் நன்மையை எடுத்துக்கொண்டு தீமையை விட்டுவிடக் கூடாது.

போட்டியாளர் வருவாரா, எப்போது வருவார் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அவர் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறாரா, மூலப்பொருள் விநியோகிப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், வேறு சந்தைகளில் ஏற்கெனவே அந்தப் பொருளை விற்கிறாரா என்ற தடயங்களை வைத்து ஆண்டுக்கு ஒரு நிகழ்தகவு போடலாம். அது மதிப்பீடு என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடுவது என் வழக்கம். கூடவே மூன்றாவது உலகம் ஒன்றையும் சேர்த்துக் கேட்பேன்: இன்றே இறங்குவது, இறங்கவே இறங்காதது என்ற இரண்டுக்கும் நடுவில், எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு போட்டியாளர் அசையும்போது இறங்குவது. முதலில் வந்தவருக்குப் பெரிய சாதகம் இல்லாத சந்தையில், தூளின் 40-ஐ இன்னும் ஓராண்டு அனுபவித்துவிட்டு இறங்குவது பல சமயம் மற்ற இரண்டையும்விட நல்ல எண்ணைத் தரும். முதலில் வந்த பெயரே பொருளின் பெயராகிவிடும் சந்தையில் தராது.

மைனஸ் வந்தவுடன் திட்டத்தைக் குப்பையில் போடவும் வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் நோய் எங்கே என்று பாருங்கள்: திரவத்தின் பங்களிப்பு 35, தூளின் பங்களிப்பு 40. உறையை மாற்றியோ, செறிவைக் கூட்டிப் போக்குவரத்தைக் குறைத்தோ, விலையைச் சற்று ஏற்றியோ அந்த 35-ஐ 43 ஆக்கினால், அதே 3 லட்சம் பாட்டில், அதே 40 சதவீதம், போட்டியாளரே இல்லாத உலகம் என்று வைத்தாலும், மைனஸ் 63 மறைந்து பூஜ்யத்தைத் தாண்டிவிடும். விகிதத்தைக் குறைக்கப் போராடுவதைவிட இது பல சமயம் எளிது, ஏனென்றால் இது நம் கையில் இருக்கிறது. விலையை ஏற்றினால் எண்ணிக்கை குறையலாம். அதையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் நிறுவனம் இறங்க முடிவுசெய்தால், தொடங்கும் நாளுக்கு முன்பே ஒரு காரியத்தைச் செய்யுங்கள். தூள் விற்பனை ஒரேபோல் நகரும் இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மட்டும் முதலில் திரவத்தை இறக்குங்கள். இரண்டிலும் தூள் விற்பனையை வாரம் வாரம் குறித்து வையுங்கள். வியாபாரிகளுக்கு அனுப்பிய சரக்கு இங்கே உதவாது, கடைகளில் விற்றதுதான் வேண்டும். முதல் மாதங்களில் வியாபாரிகள் திரவத்தை நிரப்பிக்கொள்வார்கள், தூளைக் குறைத்து வாங்குவார்கள், அதை வாடிக்கையாளரின் மாற்றமாகப் படித்துவிடக் கூடாது. முதல் முறை வாங்கியவர்களைவிட இரண்டாம், மூன்றாம் முறை வாங்கியவர்கள் முக்கியம். முதல் பாட்டில் ஆர்வத்தில் வாங்கியது, மூன்றாவது பாட்டில்தான் தூளை விட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம். இரு பகுதிகளுக்கும் இடையே தூள் விற்பனையில் தெரியும் வேறுபாட்டைத் திரவ விற்பனையால் வகுத்தால் உங்கள் உண்மையான விகிதம் கிடைக்கும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் இறக்கிவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஓராண்டு கழித்து தூள் ஏன் குறைந்தது என்று கேட்டால் இரண்டு பிரிவுகளும் இன்று சொல்வதையே அன்றும் சொல்லும்.